மடித்தால் ஒன்று, சுற்றினால் இன்னொன்று

தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் சமச்சீர் என்ற பாடம் வந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு வண்ணத்துப்பூச்சி இருக்கும். இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருக்கும் அதன் உடம்பின் நடுவே ஒரு கோடு. பக்கத்தில் ஓர் இலை, கொஞ்சம் தள்ளி ஒரு முகம். நடுக்கோட்டில் மடித்தால் இரண்டு பாதியும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் சட்டெனப் பிடித்துக்கொள்கிறார்கள். அது சரிதான், ஆனால் சமச்சீரில் அது ஒரு வகை மட்டுமே. காகிதக் காற்றாடியை எந்தக் கோட்டில் மடித்தாலும் இரண்டு பாதியும் பொருந்தாது. ஆனால் அதைக் கால் சுற்றுத் திருப்பிவைத்தால் திருப்பியதே தெரியாது. வண்ணத்துப்பூச்சியிடம் மடிப்பு இருக்கிறது, சுற்று இல்லை. காற்றாடியிடம் சுற்று இருக்கிறது, மடிப்பு இல்லை.

இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு வாசல் கோலத்தை விடப் பொருத்தமான பொருள் கிடைப்பது கடினம். அதுவும் பெரிய மார்கழிக் கோலம் தேவையில்லை. மூன்றுக்கு மூன்று என ஒன்பது புள்ளி போதும்.

அதற்கு முன் ஒரு கொட்டை விளையாட்டு. தரையில் ஆறுக்கு ஆறு கட்டம் வரைந்து, நடுவில் ஒரு தடித்த கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை, எதிரெதிரே உட்காருகிறார்கள். ஆளுக்கு மூன்று வரிசை. முதல் பிள்ளை தன் பக்கத்தில் ஏதாவது ஒரு கட்டத்தில் புளியங்கொட்டை ஒன்றை வைக்கும். நடுக்கோடு ஒரு கண்ணாடி என்று எண்ணிக்கொண்டு, இரண்டாவது பிள்ளை அதன் பிம்பம் விழும் கட்டத்தில் தன் கொட்டையை வைக்க வேண்டும். பிறகு இரண்டாவது பிள்ளை வைக்கும், முதல் பிள்ளை பிம்பம் வைக்கும். இப்படி மாறி மாறிப் பத்துக் கொட்டை வைத்தால் ஒரு ரங்கோலி விழுந்துவிடும்.

இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். முதல் பிள்ளை தன் வலது பக்கம், கோட்டை ஒட்டிய வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டத்தில் வைத்திருக்கும். எதிரே இருக்கும் பிள்ளையும் கோட்டை ஒட்டிய வரிசையில்தான் வைக்கும், ஓரத்திலிருந்து இரண்டாவது கட்டத்தில்தான் வைக்கும். ஆனால் தன் வலது பக்கத்தில் வைத்துவிடும். கண்ணாடி விதிப்படி அது தன் இடது பக்கத்தில் வைத்திருக்க வேண்டும். எதிரே உட்கார்ந்திருப்பதால் ஒருவரின் வலது மற்றவரின் இடதுக்கு நேரே வருகிறது.

பெரும்பாலும் இங்கே "தப்பு, எடுத்து வை" என்று ஆசிரியர் சொல்லிவிடுவார். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. அந்தப் பிள்ளை பத்துக் கொட்டையையும் அதே முறையில் தன் வலதுக்கு வலது, இடதுக்கு இடது என்று வைத்துக்கொண்டே போனால் கிடைப்பது குப்பை இல்லை. கட்டம் முழுவதையும் அரைச் சுற்றுத் திருப்பினால் அச்சாக அதே வடிவம் வரும். அதாவது பிள்ளை மடிப்பு விளையாட்டில் சுற்று விளையாட்டை ஆடியிருக்கிறது. விதி வேறு, ஆட்டம் ஒழுங்கானதுதான். ஆகவே இரண்டுக்கும் பெயர் வைத்துவிடலாம்: 'கண்ணாடி ஆட்டம்', 'சுற்று ஆட்டம்'. இன்றைக்கு எந்த ஆட்டம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அதே தவறு அடுத்த ஆட்டத்தின் விதியாகிவிடும்.

கொட்டைக்குப் பதில் வேப்பிலையைக் கொடுத்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். வேப்பங்கொத்தில் உள்ள ஒவ்வோர் இலையும் அரிவாள்போல் ஒரு பக்கம் வளைந்திருக்கும். நடு நரம்பின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. சுற்று ஆட்டத்தில் எதிர் ஆள் அதே வளைவுள்ள இலையைத் திருப்பி வைத்தால் போதும். கண்ணாடி ஆட்டத்தில் எவ்வளவு சுற்றினாலும் வளைவு பொருந்தாது. இலையைக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும், வெளிறிய அடிப்பக்கம் மேலே வரும். மடிப்பதற்கும் சுற்றுவதற்கும் உள்ள வேறுபாடு இதில் கைக்கே தெரிந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இனி ஒன்பது புள்ளிக்கு வரலாம்.

சிக்குக் கோலம் என்றும் கம்பிக் கோலம் என்றும் சொல்லப்படும் வகையில் கோடு புள்ளியைத் தொடாது. புள்ளிகளைச் சுற்றி வளைந்து, தன்னையே குறுக்கே வெட்டி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். எந்தப் புள்ளியும் கோட்டுக்கு வெளியே விடுபடக் கூடாது, கோட்டின் முனை எங்கும் அறுந்து நிற்கக் கூடாது. பார்வைக்குப் பிடிபடாத பின்னலாகத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் துண்டுகள் மிகக் கொஞ்சம். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிரிதிவாசன் ஆகியோரும் 1974-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, கோலங்களை இலக்கண விதிகளைப்போல் எழுதிவிடலாம் என்று காட்டியது. சில அடிப்படைத் துண்டுகளும் அவற்றை அடுக்கும் விதிகளும் இருந்தால் ஒரு கோலக் குடும்பமே அதிலிருந்து பிறக்கும். பிற்பாடு கணினித் துறையில் படங்களுக்கான இலக்கணம் பற்றிப் பேசியவர்களுக்குக் கோலம் ஒரு தொடர் உதாரணமாகவே ஆகிப்போனது. 2007-இல் கிவாமு யானகிசாவா, ஷோஜிரோ நகாட்டா என்ற ஜப்பானிய ஆய்வாளர்கள் இதையே இன்னும் எளிதாக்கினார்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கோடு குறுக்கே வெட்டிப் போகிறதா, வெட்டாமல் விலகி வளைகிறதா என்பது மட்டுமே கேள்வி. அந்தப் பதிலை ஒவ்வோர் இடத்துக்கும் குறித்துவிட்டால் முழுக் கோலமும் கிடைத்துவிடும்.

பிள்ளைகளுக்கான சீட்டு விளையாட்டை இதிலிருந்து நேராக எடுத்துவிடலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தடித்த அட்டை இதற்குத் தோதானது. ஒவ்வொரு சீட்டும் 6 செ.மீ. சதுரம். நடுவில் ஒரு புள்ளி. நான்கு ஓரங்களிலும் சரியாக 3 செ.மீ. தூரத்தில் சின்னக் குறி. இப்போது புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வரைய வேண்டும். பக்கத்துப் புள்ளியோடு இணைய வேண்டிய பக்கத்தில் வளையம் கூராக நீண்டு ஓரத்துக் குறியைத் தொடும். இணைய வேண்டாத பக்கத்தில் ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளேயே வட்டமாக வளைந்து திரும்பிவிடும். கூராக நீளும் இடத்துக்கு 'மூக்கு' என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

எத்தனை விதச் சீட்டு வரும்? மூக்கே இல்லாமல் வெறும் வட்டம் ஒன்று. ஒரு மூக்குள்ள துளி ஒன்று. இரண்டு மூக்கில் இரண்டு விதம்: எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் கண், அடுத்தடுத்த பக்கம் இருந்தால் முழங்கை. மூன்று மூக்கு ஒன்று. நான்கு பக்கமும் மூக்கிருந்தால் சாய்ந்து நிற்கும் சதுரம், அதாவது வைரம். மொத்தம் ஆறே விதம்தான். சீட்டைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம் என்பதால் இதற்கு மேல் தேவைப்படாது. வேறொரு விதம் இருக்க முடியுமா என்று தேடச் சொல்வதே மூன்றாம் வகுப்புக்கு ஒரு நல்ல வேலை. பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் முழங்கையை வேறு பக்கம் பார்த்து வரைந்துவிட்டு "புதுசு" என்று எடுத்துவருவார்கள். அந்தச் சீட்டை அவர்களையே திருப்பிப் பார்க்கச் சொன்னால் போதும்.

ஒரு குழுவுக்கு இருபது சீட்டு வேண்டும்: வட்டம் ஒன்று, துளி ஆறு, கண் நான்கு, முழங்கை நான்கு, மூன்று மூக்கு நான்கு, வைரம் ஒன்று. ஆட்டத்தின் விதி இரண்டே. மூக்கு மூக்கைத்தான் தொட வேண்டும், வளைவு வளைவைத்தான் பார்க்க வேண்டும். ஒன்பது சீட்டுக் கட்டத்தின் வெளி ஓரத்தில் மூக்கு நீட்டக் கூடாது. விதி மீறினால் ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. கோடு போகிற போக்கில் அறுந்து நிற்பது பிள்ளைகளுக்கே தெரியும். சீட்டுச் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஓரக் குறியை மட்டும்தான். அது இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் மூக்குகள் சந்திக்காமல் போகும், விதிப்படி வைத்த பிள்ளைக்கும் தான் தவறு செய்ததுபோல் தோன்றும். ஓர் அட்டையில் அளந்து குறித்து, அதையே அளவாக வைத்து மற்றவற்றைக் குறிப்பது பாதுகாப்பு.

இந்த இருபது சீட்டிலிருந்து வேண்டியதை எடுத்துப் பல கோலம் போடலாம். அவற்றில் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, எல்லாப் புள்ளியும் எல்லாப் பக்கத்துப் புள்ளியோடும் இணையும் நிறை கோலம். நடுவில் வைரம், நான்கு மூலையிலும் முழங்கை, நான்கு பக்க நடுவிலும் மூன்று மூக்கு. ஒன்பது சீட்டு ஆயிற்று.

இரண்டாவது காற்றாடி. நடுவில் வைரம் அப்படியே இருக்கட்டும். பக்க நடுக்களில் நான்கு முழங்கை, மூலைகளில் நான்கு துளி. மேலே நடுவில் இருக்கும் முழங்கையின் ஒரு மூக்கு வைரத்தைத் தொடும், மற்றொன்று வலப்பக்க மூலைத் துளியைத் தொடும். வலது நடுவில் இருப்பது கீழ் மூலையைத் தொடும். கீழே இருப்பது இடது மூலையை, இடது நடுவில் இருப்பது மேல் மூலையை. வைரத்தில் நின்று வெளியே பார்த்தால் நான்கு கையும் வலப்பக்கமே மடங்குகிறது.

மூன்றாவதற்கு ஏணி என்று பெயர் வைத்துக்கொள்வோம். நடுவில் வைரம். மேல் நடுவிலும் கீழ் நடுவிலும் மூன்று மூக்கு, ஒவ்வொன்றும் தன் இரு மூலைகளையும் நடுவையும் தொடும். இடது நடு, வலது நடு, நான்கு மூலை என மிச்சம் ஆறு இடத்திலும் துளி.

மூன்றையும் மெல்லிய காகிதத்தில் படியெடுக்கச் சொல்லி, இரண்டு சோதனை வைக்க வேண்டும். முதல் சோதனை மடிப்பு. நிறை கோலம் நேராக, குறுக்காக, மூலைக்கு மூலை இரண்டு விதமாக என நான்கு கோட்டில் மடிந்து பொருந்தும். ஏணி நேராகவும் குறுக்காகவும் மட்டும் பொருந்தும், மூலைவாட்டில் பொருந்தாது. காற்றாடி எதிலும் பொருந்தாது. இரண்டாவது சோதனை சுற்று. படியெடுத்த காகிதத்தை மூலக் கோலத்தின்மேல் வைத்து நடுப்புள்ளியில் ஒரு குண்டூசி குத்தி, மெல்லத் திருப்ப வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்குள் நிறை கோலம் நான்கு முறை பொருந்தும். காற்றாடியும் நான்கு முறை. ஏணி இரண்டே முறை.

இங்கேதான் வகுப்பில் சத்தம் வரும். மடிப்பில் ஒன்றுமே தேறாத காற்றாடி, சுற்றில் நிறை கோலத்துக்குச் சமமாக வந்து நிற்கிறது. மடிப்பில் தேறிய ஏணி, சுற்றில் காற்றாடிக்குப் பின்னால் போய்விடுகிறது. எது அதிக அழகு என்று பிள்ளைகள் சண்டை போட்டாலும் போடட்டும், அதற்குக் கணக்கில் விடை கிடையாது. அந்தக் காற்றாடியின் பக்கத்தில் விளிம்பில்லாத ஒரு சின்னக் கண்ணாடியை நிமிர்த்தி வைத்தால், உள்ளே தெரிவது இடப்பக்கம் மடங்கும் வேறொரு காற்றாடி. அதே சீட்டுகளை வைத்து அந்த இரண்டாவது காற்றாடியையும் போடலாம். ஆனால் முதல் காற்றாடியை எவ்வளவு சுற்றினாலும் அது இரண்டாவதாக ஆகாது. வேப்பிலையில் பார்த்த அதே கதை. (கண்ணாடியின் ஓரத்தில் முன்கூட்டியே டேப் ஒட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது.)

மடிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. செங்குத்துக் கோட்டில் பிம்பம் பார்ப்பது சின்னப் பிள்ளைகளுக்கு எளிது, படுக்கைக் கோட்டில் கொஞ்சம் கடினம், சாய்ந்த கோட்டில் மிகவும் கடினம். மூலைவாட்டு மடிப்பைக் கேட்டால் பல பிள்ளைகள் காகிதத்தை மடிக்கும் முன்பே "வராது" என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் செங்குத்தோடு நிறுத்திக்கொண்டு, மூலைவாட்டை மூன்றாம் வகுப்புக்கு விட்டுவைப்பதில் குற்றமில்லை. இல்லையென்றால் காகிதத்தையே கொஞ்சம் திருப்பி, சாய்ந்த கோட்டைத் தன் மூக்குக்கு நேரே கொண்டுவரச் சொல்லித் தரலாம். பெரியவர்களும் தங்களை அறியாமல் அதைத்தான் செய்கிறார்கள்.

அடுத்த கேள்வி, ஒரு கோலத்தில் எத்தனை கோடு இருக்கிறது என்பது. சீட்டுகளின்மேல் கண்ணாடித்தாள் விரித்து, ஸ்கெட்ச் பேனாவால் ஓர் இடத்தில் தொடங்கிக் கோட்டின்மேலேயே போக வேண்டும். குறுக்குவெட்டு வந்தால் திரும்பக் கூடாது, நேரே தாண்டிப் போக வேண்டும். இந்த ஒரு விதியைச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் வெட்டும் இடத்தில் திரும்பித் திரும்பி ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனி வளையமாகச் சுற்றிவிட்டு "ஒன்பது கோடு" என்பார்கள். நேரே போனால் காற்றாடி முழுவதும் ஒரே கோடு. ஏணியும் ஒரே கோடு. நிறை கோலத்தில் பேனா பாதியிலேயே புறப்பட்ட இடத்துக்கு வந்து நின்றுவிடும். இன்னும் கோலம் மிச்சமிருக்கும். வேறு நிறப் பேனா எடுக்க வேண்டும். மொத்தம் மூன்று நிறம் தேவைப்படும்: இந்த மூலைக்கும் எதிர் மூலைக்கும் ஓடும் நீள வளையம் ஒன்று, மற்ற இரண்டு மூலைக்கு ஓடுவது ஒன்று, இரண்டுக்கும் ஊடே சாய்ந்த சதுரமாகச் சுற்றுவது ஒன்று.

இப்போது அந்த நிறங்களோடு பழைய சோதனைகளை மறுபடி செய்து பார்க்கச் சொல்லலாம். நீள வளையங்களில் ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், நடுச்சதுரம் மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். கால் சுற்றுத் திருப்பினால் வடிவம் பொருந்தும், ஆனால் சிவப்பு இருந்த இடத்துக்கு நீலம் வந்துவிடும். அரைச் சுற்றில் நிறமும் பொருந்தும். நேர் மடிப்பில் நிறம் மாறிப்போகும், கடினம் என்று ஒதுக்கிய மூலைவாட்டு மடிப்பில் மாறாது. நிறம் போட்டதும் சமச்சீர் பாதியாகக் குறைந்துவிட்டது. ரங்கோலியில் நிறம் நிரப்புகிறவர்கள் எதிர் எதிர் இதழுக்கு ஒரே நிறம் தேடித் தேடிப் போடுவது இந்தக் குறைவைக் கட்டுக்குள் வைக்கத்தான்.

நிறை கோலத்தை வேறு அளவுகளில் போட்டுப் பார்ப்பது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான ஆட்டம். இரண்டுக்கு மூன்று புள்ளி வைத்தால் ஒரே கோடு. இரண்டுக்கு நான்கில் இரண்டு கோடு. மூன்றுக்கு நான்கில் மறுபடி ஒன்று. நான்குக்கு நான்கில் நான்கு. இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கக்கூடிய மிகப் பெரிய எண் எதுவோ அத்தனை கோடு வரும். மீப்பெரு பொதுக் காரணி என்ற பெயரெல்லாம் பிறகு மேல்வகுப்பில் வரட்டும், இப்போதைக்கு "எத்தனை நிறம் வேண்டியிருக்கும்?" என்று போடுவதற்கு முன்பே பந்தயம் கட்டச் சொன்னால் போதும்.

இனி, திரும்பத் திரும்ப வரும் வடிவம். தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புக் கணக்கில் 'அமைப்புகள்' என்று தனி அலகே இருக்கிறது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் இதைச் செயல்பாடாகச் செய்வதற்கு வகுப்பில் இடமும் கிடைக்கிறது. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள் என்று மணி கோத்து "அடுத்து என்ன?" என்று கேட்பது வழக்கம். பிள்ளைகள் பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சரியாகச் சொன்னவர்களில் பலருக்கு எந்தத் துண்டு திரும்ப வருகிறது என்பது பிடிபட்டிருக்காது. பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அடுத்ததை வைத்திருப்பார்கள். சிவப்பு, சிவப்பு, மஞ்சள் என்று மாற்றியதும் தடுமாறுவது அதனால்தான்.

கடைகளில் ஓட்டை போட்ட குழாய் வடிவில் கோல அச்சு விற்கிறார்கள். உள்ளே மாவை நிரப்பித் தரையில் உருட்டிக்கொண்டே போனால் படிக்கட்டு ஓரமெல்லாம் கரை விழும். கோலம் தெரிந்தவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதும் நியாயமே. ஆனால் வகுப்பறைக்கு அது அருமையான கருவி. குழாய் ஒரு முறை முழுதாக உருண்டால் ஒரு துண்டு. அடுத்த உருளலில் அதே துண்டு மறுபடி தொடங்குகிறது. குழாயின் ஓர் இடத்தில் ஸ்கெட்ச் பேனாவால் குறி வைத்து, அந்தக் குறி தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒரு குச்சி வைக்கச் சொன்னால், கரை எங்கெங்கே வெட்டுப்படும் என்பது குச்சிகளாகத் தரையில் நிற்கும்.

சீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு குழு சேர்ந்து தங்கள் சீட்டுகளை ஒன்றாக்கிக்கொண்டு பன்னிரண்டு சீட்டை ஒரே வரிசையில் அடுக்க வேண்டும். துளியும் துளியும் மூக்கோடு மூக்கு வைத்தால் ஓர் இரட்டை. ஆறு இரட்டையில் வரிசை முடியும். துளி, கண், துளி என்று வைத்தால் மும்மூன்று. நான்கு முறை வரும். நடுவில் இரண்டு கண் வைத்தால் நாலு நாலாக மூன்று முறை. எங்கே கத்தரித்தால் துண்டு முழுசாக வரும் என்று கேட்டால், மூக்கு தொடாத இடத்தைப் பிள்ளைகள் விரலால் காட்டிவிடுவார்கள். மணியில் இந்த வசதி இல்லை. ஐந்து ஐந்தாக வைக்க முயன்றால் கடைசியில் இரண்டு சீட்டு அநாதையாக நிற்கும். பன்னிரண்டை எதெது சரியாகப் பங்கு போடும் என்பதை வாய்ப்பாடு சொல்லாமலே அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

சீட்டு நன்றாகப் பழகியபின் தரைக்குப் போவது நல்லது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிடித்து ஒரே சீராக விடுவது ஆறு வயதுக் கைக்கு வராது. கோடு ஓரிடத்தில் மலையாகவும் அடுத்த இடத்தில் காணாமலும் போகும். கோலத்தின் அமைப்பைப் பற்றி யோசிக்க வேண்டிய பிள்ளை மாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும். தரையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு சாக்பீஸ் கொடுத்தால் கோடு பளிச்சென்று விழும், அழிப்பதும் எளிது. கடையில் விற்கும் வண்ணப்பொடி நுண்ணிய தூசாகப் பறந்து கண்ணிலும் மூக்கிலும் போகும் என்பதால் சின்ன வகுப்புகளில் அதைத் தவிர்ப்பது நல்லது. நிறம் வேண்டுமென்றால் பூவிதழ், இலை, கொட்டை இருக்கின்றன.

இன்னொன்று. கோலம் என்ற சொல் காதில் விழுந்ததும் பையன்கள் பின்வரிசைக்கு நகர்ந்துவிடும் வகுப்புகள் இன்னும் உண்டு. சீட்டு ஆட்டமாகத் தொடங்கிக் கடைசியில் தரைக்குப் போகும் வரிசையில் இந்தத் தொல்லை குறைகிறது. தரைக்கு வரும்போது அவர்களுக்கும் சிக்கு பிடிபட்டிருக்கும், விட்டுக்கொடுக்க மனம் வராது.

தரையில் காற்றாடி போடும்போது எதிர்பாராத இடத்தில் ஒரு தவறு முளைக்கும். மேலேயும் பக்கங்களிலும் உள்ள மூன்று கையும் சரியாக வலப்பக்கம் மடங்கியிருக்கும், தன்னை நோக்கி நீளும் நான்காவது கை மட்டும் இடப்பக்கம் மடங்கிவிடும். ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு வரைவதால் வருவது இது. தன் வலது வேறு, கையின் வலது வேறு என்பது அந்தப் பக்கத்தில்தான் முரண்படுகிறது. புள்ளிகளை இரண்டடி இடைவெளியில் வைத்து, பிள்ளையை நடுப்புள்ளியில் நிறுத்திவிட்டால் தீர்ந்தது. வெளியே பார்த்து நின்று, "இந்தக் கை வலப்பக்கம்" என்று சொல்லிக் கால் சுற்றுத் திரும்பினால் அடுத்த கை, மறுபடி கால் சுற்று. நான்கு முறை திரும்பியதும் முதலில் பார்த்த திசைக்கே வந்து நிற்கும். புத்தகத்துப் படத்தில் குண்டூசி செய்த வேலையை இப்போது பிள்ளையின் உடம்பே செய்கிறது.

அத்தனை பெரிதாக வரைந்தபின் கோட்டின்மேல் நடக்கவிடாமல் இருக்க முடியாது. காற்றாடியில் ஒரு பிள்ளை எங்கே தொடங்கினாலும் முழுக் கோலத்தையும் நடந்துவிட்டுத்தான் திரும்பும். நிறை கோலத்தில் மூன்று பேரை மூன்று கோட்டில் விட்டால் யாரும் அடுத்தவர் கோட்டுக்கு மாற மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் முட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். வெட்டும் இடத்தில் யார் முதலில் போவது என்ற சண்டையை ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டாம். "ஒரு தடவை நீ, ஒரு தடவை நான்" என்று அவர்களாகவே ஒரு விதி வகுத்துக்கொள்வார்கள். அதுவும் மாறி மாறித் திரும்ப வரும் ஓர் அமைப்புதான் என்பதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பிள்ளைக்கு அடுத்த ஆட்டத்தில் முதல் கொட்டை வைக்கும் உரிமையைக் கொடுக்கலாம்.